கொட்டாங்குச்சியில் செடி: என் மகளின் கைச்செலவுக் கணக்கு

கேள்வி: பையன் ஒன்பதாவது படிக்கிறான். கைச்செலவுக்குத் தானே சம்பாதிக்க வேண்டும் என்று அடம். ஊட்டியில் இருக்கிறோம். படிப்பும் கெடாமல், பயமும் இல்லாமல் என்ன செய்ய விடலாம்? ஹோம்மேட் சாக்லேட் சரிவருமா?

சாக்லேட் வேண்டாம். சாப்பிடுகிற பொருளை விற்பதாக இருந்தால், வீட்டுச் சமையலறையில் செய்தாலும், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். அது உங்கள் பெயரில்தான் வரும், யாருக்காவது வயிறு கெட்டால் பதில் சொல்வதும் நீங்கள்தான். போதாததற்கு உங்கள் ஊரில் தெருவுக்கு நாலு சாக்லேட் கடை. அங்கே பையனுடைய டப்பாவை யார் எடுக்கப் போகிறார்கள்?

நாங்கள் கோத்தகிரிப் பக்கம். என் மகள் இப்போது பத்தாவது. எட்டாவதில் இருந்து கொட்டாங்குச்சியில் சக்குலன்ட் செடி வளர்த்து விற்கிறாள். இலை தடிமனாக, தண்ணீரைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளுமே, அந்த ஜாதிச் செடி. எனக்குத் தெரிந்தது இந்த ஒன்றுதான், அதை மட்டும் சொல்கிறேன். வேறு பத்து ஐடியாவைப் பட்டியல் போட இங்கே நிறைய பேர் இருக்கிறார்கள்.

இந்தச் செடியை எடுத்ததற்குக் காரணம், வாரத்தில் இரண்டு முறை பார்த்தால் போதும். பரீட்சை வந்தால் பத்து நாள் திரும்பியே பார்க்காமல் விடலாம், கோபித்துக்கொள்ளாது. பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கி, ரயில் ஏறிச் சென்னை போய்ச் சேர்ந்தாலும் வாடாது. டூரிஸ்ட் வாங்குவதே அதற்காகத்தான். ஹைட்ரேஞ்சியாவைப் பூவோடு வாங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். கீழே போய் முதல் கோடையைத் தாண்டுவது கஷ்டம்.

எந்தச் செடி என்பதிலும் கவனம் வேண்டும். எச்சிவேரியா என்று ரோஜாப்பூ போல அழகாக ஒன்று உண்டு. மலையில் நன்றாக வரும், சமவெளியின் புழுக்கத்தில் அழுகும், இல்லாவிட்டால் வெளிச்சம் தேடி நீண்டு அசிங்கமாகும். அதே சாயலில் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும் கிராப்டோபெட்டலம் எவ்வளவோ தேவலாம். ஜேடு செடியும் தாங்கும். மகள் இந்த இரண்டையும்தான் வெளியூர்க்காரர்களுக்குக் கொடுக்கிறாள். எச்சிவேரியா உள்ளூர் ஆட்களுக்கு மட்டும். ஒரு அம்மா எச்சிவேரியாதான் வேண்டும் என்று நின்றபோது, "ஆன்ட்டி, கோயம்புத்தூர்ல இது தாங்காது, இதை எடுத்துக்கோங்க" என்று குறைந்த விலைச் செடியைக் காட்டினாள். எனக்கு அப்போது கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் அந்த அம்மா அடுத்த சீசனில் வந்து நாலு செடி வாங்கினார்.

செய்முறைக்கு வருகிறேன். தாய்ச்செடி இரண்டு மூன்று நர்சரியில் வாங்கினால் போதும். அடி இலையைப் பிடித்து, பக்கவாட்டில் மெதுவாக ஆட்டித் திருகினால் முழுசாகக் கழன்று வரும். அடிப்பகுதி தண்டிலேயே நின்று பாதி இலை வந்தால் அது முளைக்காது, தூக்கிப் போட்டுவிடுங்கள். கழற்றிய இலையை உடனே மண்ணில் வைக்கக் கூடாது. நிழலில் தாளின் மேல் மூன்று நாள் கிடந்து காயம் ஆற வேண்டும். பிறகு மண்கலவையின் மேல் சும்மா படுக்க வையுங்கள், புதைக்காதீர்கள். கலவை, கரடுமுரடான மணல் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. நம் தோட்டத்து மண்ணை அப்படியே போட்டால் மழைக்காலத்தில் களியாகி வேரை மூச்சுவிட விடாது.

சில வாரத்தில் இளஞ்சிவப்பாக நூல் போன்ற வேர் வரும், அதன் பக்கத்தில் பட்டாணி அளவுக்குக் குட்டிச் செடி எழும்பும். இந்த நேரத்தில் தாய் இலை சுருங்கிக் காய ஆரம்பிக்கும். பிள்ளைகள் அதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று பிய்த்து எறிவார்கள். அப்படிப் பிய்க்க விடக் கூடாது, குட்டி அதைத்தான் தின்று வளர்கிறது. சுருங்குவது நல்லது, இலை கண்ணாடி போலாகிக் கொழகொழவென்று ஆனால்தான் அழுகல். அதை உடனே எடுத்துவிட்டு, தண்ணீரைக் குறையுங்கள். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பிடிக்கும், அதனால் அக்டோபரில் வைத்த தட்டுகள் எங்களுக்குக் கூரைக்குக் கீழேதான். உங்களுக்கு டிசம்பர், ஜனவரி உறைபனிதான் பிரச்சினை. அந்த மாதங்களில் சாயங்காலம் தண்ணீர் விடாதீர்கள், இரவில் தட்டுகளை வீட்டுக்குள்ளேயோ சாக்குக்கு அடியிலேயோ வையுங்கள். பனி பட்ட இலை காலையில் ஊறினது போலத் தெரியும், இரண்டு நாளில் கறுத்துவிடும்.

இலையில் இருந்து விற்கிற அளவுக்கு வர ஐந்தாறு மாதம் ஆகும். அதனால் மே மாத மலர்க் கண்காட்சிக் கூட்டத்துக்குச் செடி வேண்டுமென்றால் அக்டோபர், நவம்பரிலேயே ஆரம்பிக்க வேண்டும். அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. நன்றாக வளர்ந்த கிராப்டோபெட்டலத்தின் தலையைக் கொஞ்சம் தண்டோடு வெட்டி, காயவைத்து நட்டால் ஒரு மாதத்தில் வேர் பிடித்துவிடும். வெட்டிய மொட்டைத் தண்டில் பக்கக் குருத்துகள் மூன்று நான்கு வரும், அது அடுத்த சீசனுக்கு. மார்ச்சில் வெட்டினால் மே மாதத்துக்குத் தயார்.

தொட்டிக்குக் கொட்டாங்குச்சி. இங்கே பிளாஸ்டிக் தடை கடுமை என்பது உங்களுக்கே தெரியும். ஓட்டல்காரரிடம் கேட்டால் சும்மா தருவார். தேங்காயின் கண் இருக்கிற பாதியைத் தனியாகப் பொறுக்கி எடுங்கள். மூன்று கண்ணில் ஒன்று மென்மையாக இருக்கும், ஸ்க்ரூ டிரைவரால் குத்தினாலே ஓட்டை விழும். மற்றப் பாதிக்கு டிரில் வேண்டும். டிரில் அவள் அப்பா மட்டும்தான் பிடிப்பார். வெட்டுகிற பிளேடும் அப்படியே.

அதோடு இன்னும் சில கட்டுப்பாடு. கள்ளி ஜாதியில் உடைத்தால் பால் வருகிற செடி எதுவும் எங்கள் வீட்டில் கிடையாது; அந்தப் பால் கண்ணில் பட்டால் பெரிய வில்லங்கம். சோலைக்குள் போய்ப் பெரணியோ ஆர்க்கிடோ பிடுங்கி வரக் கூடாது, அது வனத்துறைக் குற்றம். இருட்டின பிறகு செடியைப் பார்க்கக் கொல்லைக்குப் போகக் கூடாது. காட்டெருமை தேயிலைக்குள் நிற்பது பக்கத்தில் போகிற வரை தெரியாது, கரடியும் வருகிறது. விற்பதும் ரோட்டோரம் தனியாக நின்று இல்லை. தெரிந்த பேக்கரி ஒன்றில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு வைத்திருக்கிறோம். பணம் என் போன் க்யூஆருக்கு வரும். இன்ஸ்டாவில் செடி படம் போடலாம், அவள் முகமும் போன் நம்பரும் போடக் கூடாது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை விடுகிறாள் என்பீர்கள். நூறு இலை வைத்தால் அறுபது செடியாகும், அதில் விற்கிற லட்சணத்தில் ஐம்பது தேறும். ஒரு செடி 60 ரூபாய். பேக்கரிக்காரருக்கு 15. மணல், எரு, பெயர் அட்டை எல்லாம் சேர்த்துச் செடிக்கு 8 ரூபாய் போகும். மிச்சம் 37, ஐம்பது செடிக்கு 1,850 ரூபாய். அரை வருஷத்துக்கு இவ்வளவுதானா என்றால், ஆமாம், இவ்வளவுதான். ஒரு ஸ்கூல் பிள்ளைக்கு இதற்கு மேல் வந்தால் படிப்பு ஆட்டம் காணும் என்பது என் எண்ணம். பூஞ்சை மாதிரி வெள்ளையாகப் பஞ்சு இலை இடுக்கில் தெரிந்தால் அது மாவுப்பூச்சி. அந்தத் தட்டையே தனியாகத் தூக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த 1,850-ம் இல்லை.

குழந்தையை வேலை வாங்குகிறாய் என்று கமெண்ட் போடத் துடிப்பவர்களுக்கு: 1986-ம் வருடச் சட்டத்தில் 2016-ல் திருத்தம் வந்தபோதும், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவுவதை அனுமதித்துத்தான் இருக்கிறார்கள். எங்கள் பெரியத்தையும் இதையேதான் கேட்டார், "பொம்பளப் புள்ளைய வியாபாரத்துக்கு விடுறீங்களா" என்று. அவருக்குச் சட்டம் சொல்லவில்லை, ஒரு செடி கொடுத்து அனுப்பினேன்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது, கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. பச்சைத் தேயிலையைப் பறித்து, சுமந்து, ஃபேக்டரிக்கு அனுப்பினால், என்ன விலை என்று மாசக் கடைசியில் அவர்கள் சொல்வார்கள். எடை போடும்போது தண்ணீர்க் கழிவு என்று வேறு கழிப்பார்கள். விலையை ஏன் இறக்கினீர்கள் என்று கேட்க ஆளில்லை. உரம் வாங்கும்போது மட்டும் கடைக்காரர் சொன்னதுதான் விலை. போன சீசனில் ஒரு டூரிஸ்ட் 60 ரூபாய்ச் செடியை 30-க்குக் கேட்டார். மகள் பேக்கரி அண்ணனிடம் சிரித்துக்கொண்டே, "அண்ணா, குறைக்க வேணாம்னு சொல்லிருங்க" என்று விட்டுவிட்டாள். இவள் அப்பா அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அதையே இரண்டு தடவை சொல்லிச் சிரித்தார்.

சரி, உங்கள் பையனுக்கு வருவோம். ஊட்டியில் இருப்பதால் முதல் வருடம் இலை அதிகம் வைக்க வேண்டாம், முப்பது நாற்பது போதும், குளிர்காலம் தாண்டுகிறதா பாருங்கள். பணத்துக்கு ஒரு நோட்டு போடச் சொல்லுங்கள், செத்த செடியையும் அதில் எழுதட்டும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தாங்களே இயக்கும் சேமிப்புக் கணக்கை ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது, ஆனால் வங்கிக்கு வங்கி நிபந்தனை மாறும், கேட்டுக்கொண்டு போங்கள். தாய்ச்செடி வாங்கும்போது இலை இடுக்கில் அந்த வெள்ளைப் பஞ்சு இருக்கிறதா என்று அவனையே பார்க்கச் சொல்லுங்கள்.