அப்பாவின் வயிறு ஆங்கிலத்தில் எரியுமா?

“சேலத்தில் எங்கள் மாந்தோப்பு காற்றில் உதிர்ந்த கதையை ஆங்கிலக் கட்டுரையாக எழுதினேன். ‘அப்பாவுக்கு வயிறு எரிந்தது’ என்பதை ‘மை ஃபாதர்ஸ் ஸ்டமக் பர்ன்ட்’ என்று போட்டேன். மிஸ் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். வேறு எப்படி எழுதுவது?”

மிஸ் சுழித்ததில் தப்பில்லை. ஆங்கிலம் படிப்பவருக்கு அது நெஞ்செரிச்சல். அப்பாவுக்கு ஜெலுசில் வாங்கிக் கொடுக்கத் தோன்றும்!

முதலில் ஒன்றைத் தீர்மானியுங்கள். தமிழில் வயிறு பொறாமையாலும் எரியும், வேதனையாலும் எரியும். இங்கே வேதனை. ‘ஹிஸ் ஹார்ட் சேங்க்’ என்று எழுதலாம், பிழையில்லை. ஆனால் அதில் மனம் தளர்வதுதான் இருக்கிறது. கண்ணெதிரே பாடுபட்டது வீணாகும் அந்தத் தகிப்பு இல்லை. எனக்கு அது சப்பென்று இருக்கிறது.

நானாக இருந்தால் தமிழை மறைக்காமல் இரண்டு வாக்கியமாகப் பிரிப்பேன்: ‘வீ சே இன் டமில் தட் எ லாஸ் பர்ன்ஸ் த ஸ்டமக். ஆல் தட் வீக், மை ஃபாதர்ஸ் பர்ன்ட்.’ முதல் வாக்கியம் வழக்கைச் சொல்வதால் நிகழ்காலத்தில் ‘பர்ன்ஸ்’. இரண்டாவது அப்பாவின் கதை, அதனால் ‘பர்ன்ட்’. ‘லாஸ்’ என்ற சொல்தான் காவல்காரன். அது இருப்பதால் யாரும் அஜீரணம் என்று நினைக்க மாட்டார்கள். அதன் பின் உதிர்ந்த பிஞ்சுகளை அப்பா சாக்கில் பொறுக்கிப் போட்டதை எழுதுங்கள், எரிச்சல் தானாகத் தெரியும்.

இதை ஒரு கட்டுரையில் ஒருமுறைதான் செய்ய வேண்டும். பத்திக்கு ஒரு ‘வீ சே இன் டமில்’ வந்தால் பழமொழிப் புத்தகம் மாதிரி ஆகிவிடும். அப்புறம், ‘தலை சுற்றியது’ போன்றவற்றுக்கு இந்தப் பாடு வேண்டாம். ‘மை ஹெட் ஸ்பன்’ ஆங்கிலத்திலும் உண்டு.