சின்ன குடோனில் சரக்கு வாங்குவதற்கு எஸ்.ஓ.பி. எப்படி எழுதுவது?

கேள்வி: "பிளம்பிங் சாமான் மொத்த வியாபாரம். சின்ன குடோன், ஆள் ரெண்டு பேர்தான். குறைவோ உடைசலோ ரேக்கில் அடுக்கும்போதுதான் தெரியுது. சப்ளையர் டிரான்ஸ்போர்ட்டைக் கேளுங்க என்கிறார், டிரான்ஸ்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுத்தானே வாங்கினீங்க என்கிறார்கள். எஸ்.ஓ.பி. எப்படி எழுதணும்?"

நானும் கோயம்புத்தூரில் ஒரு பைப், ஃபிட்டிங்ஸ் குடோனைத்தான் பார்த்துக்கொள்கிறேன். "கையெழுத்துப் போட்டுத்தானே வாங்கினீங்க" என்பதை நானும் கேட்டு நின்றிருக்கிறேன். ஒரு முறை சால்வென்ட் சிமென்ட் பெட்டிகளை இறக்கி, எல்.ஆரில், அதாவது டிரான்ஸ்போர்ட் தரும் லாரி ரசீதில், கையெழுத்துப் போட்டு லாரியை அனுப்பிவிட்டோம். மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கியதும் நெடி மூக்கைத் துளைத்தது. அடியில் இருந்த பெட்டி முழுக்க ஒழுகியிருந்தது. அந்த நஷ்டம் எங்கள் தலையில்தான் விழுந்தது. இப்போதுள்ள எஸ்.ஓ.பி.யை, அதாவது வேலை செய்யும் முறையை, அதற்குப் பிறகுதான் எழுதினேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். சரக்கு வாங்குவதில் இரண்டு தனித்தனி சரிபார்ப்புகள் இருக்கின்றன. ஒன்று லாரி வாசலில் நிற்கும்போதே முடிய வேண்டியது: எத்தனை பெட்டி, வெளியே எப்படி இருக்கிறது. இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் டிரான்ஸ்போர்ட்காரர். எல்.ஆரில் அவர் ஏற்றுக்கொண்டது பெட்டிகளின் எண்ணிக்கையைத்தான், உள்ளே இருக்கும் எல்போவின் எண்ணிக்கையை அல்ல. இரண்டாவது, லாரி போன பிறகு செய்வது: உள்ளே என்ன சைஸ், எத்தனை பீஸ், என்ன தரம். இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் சப்ளையர். இரண்டையும் ஒரே கையெழுத்தில் முடிப்பதால்தான் ஆளுக்கு ஆள் கைகாட்டுகிறார்கள்.

போன மாதம் வந்த ஒரு லோடையே எடுத்துக்கொள்கிறேன். இன்வாய்ஸில் 42 பெட்டி, எல்.ஆரிலும் 42. லாரி வந்ததும் நான் முதலில் பார்ப்பது பர்ச்சேஸ் ஆர்டரை. நாம் கேட்காத சரக்கு வந்திருந்தால் இறக்குவதற்கு முன்பே போன் போட வேண்டும். இறக்கிய பிறகு திருப்பி ஏற்ற, கூலி நம் கையிலிருந்துதான் போகும். அன்று ஆர்டரும் இன்வாய்ஸும் ஒத்துப்போயின.

இறக்கும்போது நேராக ரேக்குக்குப் போகக் கூடாது. வாசலுக்கு உள்ளே தரையில் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கட்டம் போட்டிருக்கிறோம், ஏறக்குறைய பத்துக்குப் பத்தடி. வந்த பெட்டியெல்லாம் அதற்குள்தான், லேபிள் வெளியே தெரிய, ஐந்து ஐந்தாக. அடுக்கும்போதே பழைய ஸ்டாக்குடன் கலந்துவிட்டால் அப்புறம் எண்ணவே முடியாது. இடம் இல்லை என்பீர்கள். எங்களுக்கும் இல்லை. இரண்டு பைப் ஸ்டாண்டை மாடிக்கு ஏற்றித்தான் அந்தக் கட்டத்துக்கு இடம் கிடைத்தது.

எண்ணுகிறவர் கையில் இன்வாய்ஸ் இருக்கவே கூடாது. எஸ்.ஓ.பி.யில் முதல் வரியாக இதை எழுதுங்கள். எங்கள் பையன் நல்ல பொறுப்பானவன். ஆனாலும் இன்வாய்ஸைப் பிடித்துக்கொண்டு எண்ணும்போது ஒன்றைக் கவனித்தேன். "டீ ஃபிட்டிங், ஆறு பெட்டி" என்று காகிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பான். அடுக்கு ஆறு போலத் தெரிந்தால் டிக் அடித்துவிடுவான். அவன்மேல் தப்பில்லை, தெரிந்த எண்ணைத்தான் கண் தேடும். இப்போது சரக்கின் பெயர் மட்டும் எழுதிய ஒரு தாளைக் கொடுக்கிறேன், எண்ணிக்கைக் கட்டம் காலியாக இருக்கும். அவன் எண்ணி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்த பிறகு நான் இன்வாய்ஸோடு ஒப்பிடுகிறேன். இரண்டே பேர் இருந்தாலும் இதைச் செய்யலாம்: ஒருவர் எண்ணட்டும், மற்றவர் ஒப்பிடட்டும்.

அன்று அவன் எழுதிய கூட்டல் 41. நானும் ஒரு முறை எண்ணினேன், 41தான். டீ பெட்டி ஆறு வர வேண்டிய இடத்தில் ஐந்து. சால்வென்ட் சிமென்ட் இரண்டு பெட்டியில் ஒன்றின் அடிப்பக்கம் நனைந்து அட்டை மெத்தென்று இருந்தது. வெளியே கறை, நசுங்கல், வேறு டேப் போட்டு மறுபடி ஒட்டியது என எது இருந்தாலும் அந்தப் பெட்டியை ஓட்டுநர் முன்னாலேயே பிரிக்க வேண்டும். பிரித்தோம். 24 டின்னில் 5 டின் ஒழுகியிருந்தது. ஒழுகிய டின்னை குடோனுக்குள் வைக்காதீர்கள், எளிதில் தீப்பிடிக்கும். நாங்கள் பின்பக்கத் தகரக் கொட்டகையில் வைத்தோம்.

பிறகு எல்.ஆரின் எல்லாப் பிரதிகளிலும் இப்படி எழுதினேன்: "42க்கு 41 பெட்டி மட்டும் பெறப்பட்டது. டீ 1 பெட்டி குறைவு. சால்வென்ட் சிமென்ட் 1 பெட்டி நனைந்த நிலையில் வந்தது, ஓட்டுநர் முன்னிலையில் பிரித்ததில் 5 டின் கசிவு. உள் எண்ணிக்கை இன்னும் பார்க்கப்படவில்லை." கீழே தேதி, நேரம், வண்டி எண், என் கையெழுத்து, ஓட்டுநர் கையெழுத்து. "சில பெட்டி சேதம்" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. எத்தனை, எது, எப்படி என்று இருக்க வேண்டும். போட்டோவும் அப்போதே: நம்பர் பிளேட்டோடு லாரி, நனைந்த பெட்டியின் லேபிள், ஒழுகிய டின்கள்.

சில ஓட்டுநர்கள் கையெழுத்துப் போட மாட்டேன் என்பார்கள். ஓனர் திட்டுவார் என்ற பயம்தான், அவரோடு சண்டை வேண்டாம். "ஓட்டுநர் கையெழுத்திட மறுத்தார்" என்று நேரத்தோடு எழுதி, நீங்களும் லோடுமேன் ஒருவரும் கையெழுத்துப் போட்டு, லாரி கிளம்புவதற்கு முன்பே டிரான்ஸ்போர்ட் ஆபீஸுக்குப் போட்டோவை அனுப்பிவிடுங்கள்.

லாரி போன பிறகு இரண்டாவது வேலை. எல்லாப் பெட்டியையும் பிரித்து எண்ண ஆள் கிடையாது, அதனால் நாங்கள் தராசைப் பயன்படுத்துகிறோம். ஒரே சரக்கின் பெட்டிகளை வரிசையாக நிறுத்துப் பார்த்தால் போதும். அன்று 20 மில்லிமீட்டர் சி.பி.வி.சி. எல்போ ஆறு பெட்டி, ஒவ்வொன்றிலும் 120 பீஸ் என்று லேபிள். ஐந்து பெட்டி கிட்டத்தட்ட ஒரே எடை. ஒன்று மட்டும் அரை கிலோ குறைவு. பிரித்தால், ஆறு பாக்கெட் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்துதான், ஒரு பாக்கெட்டுக்கு 20. கம்பெனி டேப் கிழியவே இல்லை. அப்படியென்றால் இது வழியில் போனதல்ல, பேக்கிங்கில் விட்டது. டிரான்ஸ்போர்ட்டைக் கேட்டுப் பயனில்லை, சப்ளையரைத்தான் கேட்க வேண்டும்.

ஆனால் தராசு சொல்லாதவையும் உண்டு. சைஸ் மாறிய பீஸ் கொஞ்சம் கலந்திருந்தால் எடையில் தெரியாது. அதனால் ஒவ்வொரு சரக்கிலும் ஒரு பெட்டியைப் பிரித்து, மேல் பாக்கெட்டை விட்டுவிட்டு அடிப் பாக்கெட்டை எடுத்துப் பார்க்கிறோம். பித்தளை மரை வைத்த ஃபிட்டிங் என்றால் ஒரு நிப்பிளை மாட்டித் திருகிப் பார்ப்போம். பைப் வந்தால் இரண்டு முனையையும் விரலால் தடவிப் பாருங்கள், ஏற்றி இறக்குவதில் முனையில்தான் மயிரிழை விரிசல் விடும். சால்வென்ட் சிமென்ட்டில் டின்மேல் உள்ள காலாவதி தேதியைக் கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும். பார்த்த பெட்டியில் ஒரு குறை இருந்தாலும் அந்தச் சரக்கு மட்டும் முழுதாகப் பிரிக்கப்படும். மற்றவற்றைத் தொட வேண்டாம்.

அன்று மாலைக்குள் ஜி.ஆர்.என்., அதாவது சரக்கு வரவுச் சீட்டு, போட்டாக வேண்டும். அதில் ஏறுவது இன்வாய்ஸ் எண்ணிக்கை அல்ல, கையில் இருக்கும் நல்ல சரக்கு: எல்போ 720க்கு 700, சிமென்ட் 48க்கு 43, டீ ஐந்து பெட்டி. "மீதி வந்துவிடும், முழுசாகவே ஏற்றிவிடு" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஸ்டாக் கெடுவதோடு நிற்காது. கைக்கு வந்த சரக்குக்குத்தான் ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி எடுக்கலாம், அதனால் ஜி.ஆர்.என். பொய் சொன்னால் வரிக் கணக்கும் பொய்யாகிவிடும்.

குறைபாட்டு அறிக்கை ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. இன்வாய்ஸ் எண், எல்.ஆர். எண், எந்தச் சரக்கு, எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது, எப்படித் தெரிந்தது, நமக்கு என்ன வேண்டும். கடைசி இரண்டையும்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எல்போவுக்கு நான் எழுதியது: "டேப் பிரியாத பெட்டி, மற்ற பெட்டிகளைவிட அரை கிலோ எடை குறைவு, பிரித்ததில் 100 பீஸ். 20 பீஸுக்குக் கிரெடிட் நோட் தரவும்." தராசின் மேல் பெட்டி இருக்கும் போட்டோவை இணைத்தேன். இரண்டு நாளில் ஒப்புக்கொண்டார்கள். டீ பெட்டிக்கும் டின்னுக்கும் எல்.ஆர். குறிப்பை வைத்து டிரான்ஸ்போர்ட்டுக்கு ஒரு மெயில், சப்ளையருக்கு நகல். நான்காம் நாள் அவர்கள் குடோனிலேயே டீ பெட்டி கிடைத்தது, வேறொருவர் லோடோடு ஒதுங்கியிருந்ததாம். அதற்குத் தனி ஜி.ஆர்.என். போட்டோம்.

தானாகத் தீராவிட்டால், சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007இன்படி, சரக்கு புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் டிரான்ஸ்போர்ட்டுக்கு எழுத்தில் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். போனில் பேசிக்கொண்டே இருந்து இந்தக் கெடுவைத் தவறவிட்டால் வழக்குக்கு வழியில்லை. வழியில் சேதமானால் நஷ்டம் யாருடையது என்பதையும் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். எங்கள் ஆர்டரில் குடோன் வாசல் வரை சப்ளையர் பொறுப்பு என்று இருப்பதால் அந்த 5 டின்னுக்கும் அவர்தான் கிரெடிட் நோட் கொடுத்தார்.

இன்னொன்று, சேதச் சரக்கு வைக்கும் இடம். நாங்கள் சிவப்பு டேப் சுற்றிய ஒரு தட்டு வைத்திருக்கிறோம், கசிவு டின் மட்டும் வெளிக் கொட்டகையில். முன்பு ஒரு முறை, மேலே லேசாக நசுங்கிய வால்வு ஐந்தை அந்தத் தட்டில் வைத்திருந்தோம். ஒரு பிளம்பர் அவசரம் என்று கேட்டார் என்பதற்காகக் கவுன்டரில் இருந்தவர் இரண்டை எடுத்து விற்றுவிட்டார். சப்ளையரின் ஆள் பார்க்க வந்தபோது மூன்றுதான் இருந்தது. விற்பனைச் சட்டப்படி, நாம் விற்றுவிட்ட சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே கொள்வார்கள், அதனால் இரண்டுக்குப் பேச்சே இல்லை. மூன்றையும் அவர் சந்தேகத்தோடுதான் பார்த்தார். அதிலிருந்து அந்தத் தட்டில் உள்ள ஒவ்வொன்றிலும் குறைபாட்டு அறிக்கையின் எண்ணை எழுதிய சீட்டைக் கட்டிவிடுகிறோம். அந்த எண்ணுக்கு சப்ளையரின் பதில் வரும் வரை அதற்கு பில் போடக் கூடாது என்று எஸ்.ஓ.பி.யிலும் எழுதிவிட்டேன்.