ஸ்டோர் கீப்பருக்கு ஏன் குறைவு?

கேள்வி: கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் தொழிற்சாலையில் மனிதவள அலுவலராக இருக்கிறேன். எங்களிடம் 160 பேர் வேலை செய்கிறார்கள். சென்ற ஆண்டு ஓர் ஆலோசகரை வைத்து எல்லா வேலைகளுக்கும் மதிப்பெண் போட்டு, ஏழு கிரேடுகளாகப் பிரித்து, சம்பள வரம்புகளை நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். அன்று முதல் ஒரே புகைச்சல். பதினான்கு வருடமாக ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஒருவர் 27,500 ரூபாய் வாங்குகிறார். நான்கு வருடத்துக்கு முன் வந்த மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன் 29,000 ரூபாய் வாங்குகிறார். "உங்க வேலைக்கு மார்க் கம்மிண்ணா" என்று சொன்னேன். அதிலிருந்து அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எப்படித்தான் விளக்குவது? அட்டவணையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் சொன்னது தவறான தகவல் அல்ல. ஆனால் அவர் காதில் அது "உங்களுக்கு மார்க் கம்மி" என்றே விழுந்திருக்கும். மதிப்பெண் நாற்காலிக்குப் போடப்பட்டது, அதில் உட்கார்ந்திருப்பவருக்கு அல்ல என்பதை அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கிரேடு என்பது நாளைக்கே அவர் ஓய்வு பெற்று வேறொருவர் அந்த இடத்துக்கு வந்தாலும் மாறாத ஒன்று. பதினான்கு வருட அனுபவத்துக்கும், ஒரு ஒயர் ரீல்கூடக் காணாமல் போகாமல் காத்த நேர்மைக்கும் உரிய இடம் கிரேடு அல்ல. அந்தக் கிரேடின் சம்பள வரம்புக்குள் அவர் எந்த உயரத்தில் நிற்கிறார் என்பதில்தான் அவை தெரிய வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாமல் எந்த அட்டவணையை ஒட்டினாலும் புகைச்சல்தான் மிஞ்சும்.

உங்கள் அட்டவணையையே எடுத்துக்கொள்வோம். ஸ்டோர் கீப்பர் வேலைக்குத் தேர்ச்சியில் 90, பொறுப்பில் 95, உழைப்பில் 30, வேலைச் சூழலில் 20 என மொத்தம் 235 மதிப்பெண் விழுந்திருக்கிறது. எலக்ட்ரீஷியன் வேலைக்கு அதே வரிசையில் 130, 100, 40, 45 என்று 315. நீங்கள் 200 முதல் 269 வரை மூன்றாம் கிரேடு, 270 முதல் 339 வரை நான்காம் கிரேடு என வைத்திருப்பதால் இருவரும் வேறு கிரேடுகளில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். இந்தக் கணக்கை அவரிடம் அப்படியே காட்டலாம், ஆனால் மொத்தத்திலிருந்து தொடங்காதீர்கள். வித்தியாசமான 80 மதிப்பெண்ணில் 40 தேர்ச்சியிலும் 25 சூழலிலும் வருகிறது. பொறுப்பில் வெறும் 5 தான். மின்பலகையைத் திறந்து வேலை செய்யும்போது இருக்கும் ஆபத்துக்கும், அந்தத் தொழிலைக் கற்க ஆகும் காலத்துக்கும் கூடுதல் மதிப்பெண் என்று சொன்னால், ஸ்டோரில் இருப்பவர் அதை மறுக்கமாட்டார். தன் பொறுப்பு எலக்ட்ரீஷியனின் பொறுப்புக்கு ஏறக்குறையச் சமமாக மதிக்கப்பட்டிருக்கிறது என்பதும் அவருக்கு அப்போதுதான் தெரியவரும்.

அடுத்து வரம்பைக் காட்டுங்கள். மூன்றாம் கிரேடு 20,000 ரூபாயில் தொடங்கி 30,000 ரூபாயில் முடிகிறது, நடுப்புள்ளி 25,000. நான்காம் கிரேடு 24,000 முதல் 36,000 வரை, நடுப்புள்ளி 30,000. நடுப்புள்ளி என்பது அந்த வேலையை முழுமையாகத் தெரிந்து, பிறர் மேற்பார்வையின்றிச் செய்யும் ஒருவருக்கு நிறுவனம் மனதில் வைத்திருக்கும் தொகை. 27,500 ரூபாய் வாங்கும் அண்ணன் தன் கிரேடின் நடுப்புள்ளியைவிட நூற்றுக்குப் பத்து மேலே நிற்கிறார். 29,000 ரூபாய் வாங்கும் எலக்ட்ரீஷியனோ தன் நடுப்புள்ளிக்கு இன்னும் ஆயிரம் ரூபாய் கீழே இருக்கிறார். நாளைக்குப் புதிய எலக்ட்ரீஷியன் ஒருவரைத் தொடக்கச் சம்பளத்தில் எடுத்தால், அவர் அண்ணனைவிட 3,500 ரூபாய் குறைவாகத்தான் வாங்குவார். கிரேடுகள் ஓட்டுக்கூரையின் ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன என்பது பலருக்கும் தெரிவதில்லை; மேல் கிரேடில் இருக்கும் எல்லோரும் கீழ்க் கிரேடில் இருக்கும் எல்லோரையும்விடக் கூடுதலாக வாங்குவதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

இதைப் புரியவைக்க நான் வழக்கமாக மத்திய அரசின் ஊதிய அட்டவணையைக் காட்டுவேன். ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி 2016 முதல் நடைமுறையில் இருக்கும் அந்தக் கட்டத்தில் முதல் லெவல் 18,000 ரூபாயில் தொடங்கி 56,900 வரை நீள்கிறது. ஆறாம் லெவல் தொடங்குவதே 35,400 ரூபாயில்தான். அதாவது முதல் லெவலிலேயே பல காலம் இருந்து மேலே வந்த ஒருவர், ஆறாம் லெவலில் புதிதாகச் சேர்ந்தவரைவிடக் கூடுதல் அடிப்படைச் சம்பளம் வாங்க முடியும். உங்கள் ஊழியர்களில் பலர் வீட்டில் மாமாவோ அத்தையோ அரசு வேலையில் இருப்பார்கள். 'லெவல்' என்ற சொல் அவர்களுக்குப் பழக்கமானதுதான். அந்தக் கட்டத்தில் ஒவ்வொருவரும் தன் இடத்தை விரல் வைத்துக் காட்ட முடியும். உங்கள் நோட்டீஸ் போர்டில் அது முடியாது. வரம்பு பொதுவில் இருக்கட்டும். அதற்குள் தான் எங்கே நிற்கிறோம் என்பதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கிரேடு, அதன் மூன்று தொகைகள், தற்போதைய சம்பளம், அடுத்த உயர்வு எதைப் பொறுத்தது என்ற நான்கு விவரங்கள் போதும்.

தாளைக் கொடுப்பதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. ஸ்டோர் கீப்பரின் வேலை விவரக் குறிப்பை அவரிடமே கொடுத்து, தவறானதை அடித்துத் திருத்தச் சொல்லுங்கள். நான் ஒரு தொழிற்சாலையில் பணியாற்றியபோது இப்படிச் செய்யாமல் விட்டுப் பட்டிருக்கிறேன். ஆலோசகர் மேலாளர்களிடம் மட்டும் கேட்டு எழுதிய குறிப்பில் ஸ்டோர் வேலை "பொருள்களை வரவு வைத்து வழங்குதல்" என்று ஒரே வரியில் முடிந்திருந்தது. மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் பிரிவுக்குப் போகும் காப்பர் ஒயரை ரீல் ரீலாக எடை போட்டு இறக்குவது, மாதக் கடைசியில் திரும்பி வரும் கழிவின் எடையோடு ஒப்பிட்டுக் கணக்கை நேராக்குவது, எடை இடித்தால் யாரையும் திருடன் என்று சொல்லாமல் விஷயத்தை மேலே கொண்டு போவது ஆகியவை எதுவும் அதில் இல்லை. பம்ப்செட் தொழிலில் காப்பர் எவ்வளவு விலையான சரக்கு என்பது உங்களுக்கே தெரியும். உங்கள் அண்ணனும் இதையெல்லாம் செய்பவராக இருந்தால், பொறுப்பில் 95 என்பது 115 ஆகலாம், மொத்தம் 255 ஆகும். ஆனாலும் அது மூன்றாம் கிரேடுக்குள்ளேயேதான் வரும். அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். "திருத்தினோம், மதிப்பெண் ஏறியது, கிரேடு மாறவில்லை" என்பதைக் கேட்க அவருக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் தன் வேலை என்ன என்று பார்த்துத்தான் முடிவெடுத்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கை அப்போது வரும்.

அவருடைய உண்மையான சிக்கல் எலக்ட்ரீஷியன் அல்ல என்பது என் கணிப்பு. வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் உயர்வு என்று வைத்துக்கொண்டால், மூன்றாவது வருடத்திலேயே அவர் 30,000 என்ற உச்சவரம்பைத் தொட்டுவிடுவார். அதற்குப் பிறகு என்ன என்ற கேள்வியை அவர் இன்னும் கேட்கவில்லை. கேட்கும்போது உங்களிடம் பதில் இருக்க வேண்டும். உச்சியைத் தொட்டவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை மொத்தத் தொகையாகக் கொடுப்பீர்களா, அல்லது ஸ்டோரோடு கொள்முதல் திட்டமிடலையும் சேர்த்து நான்காம் கிரேடு வேலை ஒன்றை உருவாக்குவீர்களா என்பதை நிர்வாகத்திடம் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டாவது வழியைத் தேர்ந்தால் வேலை நிஜமாகவே கூட வேண்டும். பெயர்ப்பலகையை மட்டும் மாற்றி கிரேடு ஏற்றினால், அடுத்த மாதமே டூல் ரூமிலிருந்து இரண்டு பேர் அதே கோரிக்கையோடு வந்து நிற்பார்கள்.

விளக்கத்தால் தீராதவையும் உண்டு. ஒரே கிரேடில் இருப்பவர்களை வேலையில் சேர்ந்த வருட வரிசையில் எழுதி, பக்கத்தில் சம்பளத்தை எழுதிப் பாருங்கள். போன வருடம் வெளியிலிருந்து எடுத்தவர், அதே வேலையை எட்டு வருடமாகச் செய்பவரைவிடக் கூடுதலாக வாங்குகிறார் என்றால் அதைக் கிரேடு விளக்காது. ஆள் கிடைக்கவில்லை, கேட்டதைக் கொடுத்தோம் என்பதுதான் அதற்குக் காரணமாக இருக்கும். சந்தைக்காகக் கொடுத்ததைச் சந்தைக்காக என்றே தனித் தொகையாகச் சம்பளச் சீட்டில் காட்டி, ஆண்டுதோறும் மறுபரிசீலனை செய்யுங்கள். பழையவரின் சம்பளத்தைச் சரிசெய்யும் தேதியையும் சொல்லுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அட்டவணையில் வைண்டிங் பிரிவு இரண்டாம் கிரேடில் இருக்கிறது. உழைப்பு என்ற தலைப்பில் அதற்கு 15 மதிப்பெண்தான். காஸ்டிங் தூக்கும் ஹெல்பருக்கு 45. உங்கள் வைண்டிங் மேசைகளில் பெண்களே அதிகம் என்று நினைக்கிறேன், நம் ஊர்ப் பம்ப் தொழிலில் அது வழக்கம். பளு தூக்குவதை உழைப்பாகக் கணக்கிட்டு, எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து மெல்லிய கம்பியை ஸ்லாட்டுக்குள் எனாமல் உரியாமல் இறக்கும் விரல் நுணுக்கத்தையும் கண் வலியையும் கணக்கில் சேர்க்காமல் விடுவது, வேலை மதிப்பீட்டில் வெகுகாலமாக இருக்கும் கோளாறு. ஒரே வேலைக்கும் ஒத்த தன்மையுள்ள வேலைக்கும் ஆண் பெண் பேதமின்றிச் சமச் சம்பளம் என்பது 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்திலிருந்தே நம் நாட்டுச் சட்டத்தில் இருக்கிறது. மதிப்பெண் அளவுகோலே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அதை எவ்வளவு பொறுமையாக விளக்கினாலும் பயனில்லை. எனவே அண்ணனோடு உட்காருவதற்கு முன், ஆலோசகரை அழைத்து அந்த 15 எப்படி வந்தது என்று கேளுங்கள். அவரால் உங்களுக்கு விளக்க முடியாவிட்டால், வைண்டிங் மேசையில் இருப்பவர்களுக்கு உங்களாலும் விளக்க முடியாது.