உதவித்தொகைப் புதுப்பித்தல்: திருத்தி அனுப்பிய பிறகுதான் கவனம் தேவை

(தேசிய உதவித்தொகைத் தளத்தில், கல்லூரி நோடல் அலுவலராகப் பல ஆண்டுகள் விண்ணப்பங்களைச் சரிபார்த்த ஒருவர் பதிலளிக்கிறார்.)

மாணவி, பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு: என் புதுப்பித்தல் விண்ணப்பம் டிஃபெக்ட், அதாவது குறை உள்ளது என்று திரும்பி வந்தது. திருத்தி அனுப்பிவிட்டேன். இனிக் காத்திருந்தால் போதுமா?

போதாது. திருத்திய விண்ணப்பம் மீண்டும் கல்லூரியின் சரிபார்ப்புப் பட்டியலுக்கே வந்து நிற்கும். நோடல் அலுவலர் அதைத் திறந்து மறுபடியும் ஒப்புதல் தந்தால்தான் அடுத்த நிலைக்குப் போகும். மாணவர் அனுப்புவதற்கும், குறையுள்ளவற்றைத் திருத்துவதற்கும், கல்லூரி சரிபார்ப்பதற்கும் கடைசி நாள்கள் தனித்தனியாக அறிவிக்கப்படுகின்றன.

என்னிடம் வந்த ஒரு மாணவி முதல் பருவத்தில் 600-க்கு 410, இரண்டாம் பருவத்தில் 372 எடுத்திருந்தார். முதல் பருவத்தை மட்டும் கணக்கிட்டு 68.33 சதவீதம் என்று பதிந்துவிட்டார். 1200-க்கு 782, அதாவது 65.17 என்பதே ஆண்டுக்குரிய சரியான கணக்கு. கல்லூரி மாணவர்களுக்கான மத்தியத் துறைத் திட்டத்தில் புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் போதுமென்பதால், அவர் தகுதியை இழக்கவில்லை. மதிப்பெண் பட்டியலோடு எண் பொருந்தாததால் டிஃபெக்ட் வந்தது, அவ்வளவுதான். அன்று மாலையே திருத்தினார். மறுநாள் இரண்டு பட்டியல்களின் நகலோடு அறைக்கே வந்ததால், நான் உடனே ஒப்புதல் தர முடிந்தது. நீங்களும் நேரில் செல்லுங்கள்.

ஒரு மாணவரின் தந்தை: மகனுடைய புதுப்பித்தல் ரிஜெக்ட் ஆகிவிட்டது. புதிதாக விண்ணப்பித்தால் சரியாகிவிடும் என்கிறார் கணினி மையத்துக்காரர்.

ஐயா, முதலில் scholarships.gov.in தளத்தில் மகனின் கணக்கைத் திறந்து, திரையில் இருப்பது டிஃபெக்டா, ரிஜெக்டா என்று பாருங்கள்; பலர் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறார்கள். டிஃபெக்ட் என்றால் காரணமும் எழுதப்பட்டிருக்கும், அதைத் திருத்தலாம். உண்மையிலேயே ரிஜெக்ட் என்றால் மாணவர் பக்கத்திலிருந்து திருத்த வழியில்லை. நிராகரித்தது கல்லூரியா, மேல்நிலை அலுவலரா என்று அறிந்து, ஆவணங்களோடு அவர்களிடமே முறையிட வேண்டும். மத்தியத் துறைத் திட்டத்தில் புதிய விண்ணப்பம் பிளஸ் டூ முடித்து முதலாண்டில் சேர்ந்தவர்களுக்கு உரியது. இரண்டாம் ஆண்டு மாணவர் அதில் நுழைந்தால் அந்த விண்ணப்பமும் தள்ளப்படும்.

முதுகலை மாணவர்: எனக்கு இரண்டு நிலையிலும் சரிபார்த்தாயிற்று, பணம்தான் வரவில்லை. நானும் திருத்தி அனுப்ப வேண்டுமா?

வேண்டாம், உங்கள் சிக்கல் வேறு. பணம் ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்குக்கே போகிறது. வங்கியில் ஆதார் எண் கொடுத்திருப்பது மட்டும் போதாது. அரசுப் பணம் பெறும் கணக்காக அது இணைக்கப்பட்டிருக்கிறதா என்று கிளையில் கேளுங்கள்.

கல்லூரி அலுவலக உதவியாளர்: எங்கள் நோடல் அலுவலர் மாற்றலாகிவிட்டார். அவருடைய கடவுச்சொல்லை வைத்து நாங்களே ஒப்புதல் தரலாமா?

கூடாது. நோடல் அலுவலருக்கும் ஆதார்வழி அடையாளச் சரிபார்ப்பு உண்டு. ஒருவர் பெயரில் இன்னொருவர் ஒப்புதல் தருவது முறைகேடு. முதல்வர் இன்றே புதியவரை நியமித்து, தளத்தில் பதிவு செய்ய வைக்க வேண்டும். அந்தப் பதிவை மேலதிகாரி கடைசி நாளுக்குள் ஏற்பாரா என்பது என் கையில் இல்லை. ஆனால் காத்திருக்கும் மாணவர்களின் விண்ணப்ப எண்களையும் சேர்த்து எழுதினால், அந்தக் கோப்பு யாருக்காக அவசரம் என்பது அவருக்குப் புரியும்.