திருமுழுக்கு, ஒளு, துலா நீராடல்: தவறிப்போனால் என்ன?

கேள்வி: மூன்றுமே தண்ணீர்ச் சடங்குதானே, ஒப்பியல் சமயத் தாளில் எதை வைத்து வேறுபடுத்துவது?

சடங்கு தவறினால் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். மயிலாடுதுறையில் ஐப்பசி முழுவதும் காவிரியில் துலா நீராடல் நடக்கும். மாதக் கடைசியில் கடைமுழுக்கு. அதற்கும் பிந்தி வந்த முடவருக்கு இறைவன் இரங்கினார் என்பது ஐதிகம். அதனால் கார்த்திகை முதல் நாள் 'முடவன் முழுக்கு' உண்டு. ஆறும் மாதமும் சேர்ந்தால்தான் இந்தப் புண்ணியம்; அடுத்த ஆண்டும் வரலாம்.

நாகூரில் தொழச் செல்பவர் தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவிச் செய்யும் ஒளு, தூங்கினாலோ சிறுநீர் கழித்தாலோ முறியும். மறுபடி செய்தால் போதும். தண்ணீர் கிடைக்காவிட்டால் சுத்தமான மண்ணால் தயம்மும் செய்யலாம்.

கத்தோலிக்கத் திருமுழுக்கோ வாழ்நாளில் ஒருமுறைதான். முன்பே பெற்றாரா என்ற ஐயம் தீராவிட்டால், 'நீ திருமுழுக்குப் பெறாதிருந்தால்' என்ற நிபந்தனையோடு குரு நீர் ஊற்றுவார். மூன்றில் ஒருவரைச் சமயத்தில் சேர்க்கும் தொடக்கச் சடங்கு இது ஒன்றே என்று எழுதுங்கள்.