30 கம்பெனி, ஒரே கடிதம்: மெர்ச்சண்டைசர்களுக்கான கேள்வி பதில்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் எச்.ஆர். பிரிவில் 11 வருஷம் விண்ணப்பங்கள் படித்தவள் நான். வேலை கேட்டு எழுதும் கடிதம் பற்றி மட்டும் கேளுங்கள். கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும் என்றாலும், வாக்கியங்களை இங்கே தமிழிலேயே சொல்கிறேன்.

நூல்கண்டு: அக்கா, 4 வருஷம் மெர்ச்சண்டைசர், குழந்தைகள் உடுப்பு மட்டும். 30 கம்பெனிக்கு அனுப்பணும். புதுசா எழுதினா ஒண்ணுக்கு ஒரு மணி நேரம் ஆகுது. பேரை மட்டும் மாத்தினா யாரும் கூப்பிடறதில்லை. எதை மாத்தணும்?

கடிதத்தைத் தொடும் முன் அந்த 30 கம்பெனிகளையும் சரக்குவாரியாகப் பிரியுங்கள், தம்பி. குழந்தைகள் உடுப்பு செய்கிறவர்கள் ஒரு கட்டு, விளையாட்டு உடுப்பு ஒரு கட்டு, பையிங் ஆபீஸ்கள் ஒரு கட்டு. பெரும்பாலும் மூன்று நான்கு கட்டுக்கு மேல் வராது. ஒவ்வொரு கட்டுக்கும் உங்கள் அனுபவத்திலிருந்து ஒரு பத்தி எழுதி வைத்துவிடுங்கள். நேரம் பிடிக்கிற வேலை இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும், அப்புறம் திரும்ப எழுத வேண்டியதில்லை.

குழந்தைகள் உடுப்புக் கட்டுக்கு, நாலு வயசு சைஸ் ஹூடில் கயிறு வைத்து பையர் அனுப்பிய டிசைனை நீங்கள் சாம்பிள் போடும் முன்பே பிடித்து நிறுத்திய கதை ஏதாவது இருக்கும். அதை மூன்று வாக்கியத்தில் எழுதுங்கள். பையிங் ஆபீஸுக்கு அதே கதை அவ்வளவாக எடுபடாது. அவர்கள் ஒரே நேரத்தில் பல ஃபேக்டரிகளைத் துரத்துகிறவர்கள். தையல் யூனிட், பிரிண்டிங், டையிங் மூன்றையும் ஒரே வாரத்தில் நீங்கள் துரத்திப் பிடித்த ஆர்டரைச் சொல்லுங்கள். நீங்கள் யார், எத்தனை வருஷம், எப்போது சேர முடியும் என்கிற மீதிப் பகுதி எல்லாருக்கும் ஒன்றே. அதில் கை வைக்காதீர்கள்.

கம்பெனிக்குக் கம்பெனி புதிதாக எழுத வேண்டியது முதல் இரண்டு வாக்கியம்தான். அதற்கு விளம்பரத்தையும் அவர்கள் வெப்சைட்டையும் ஐந்து நிமிஷம் படித்தால் போதும். விளம்பரத்தில் ஆர்கானிக் காட்டன் ஆர்டர் என்று இருக்கிறதா? ‘உங்களுக்கு ஆர்கானிக் ஆர்டர் பார்க்க ஆள் தேவை என்று கண்டேன். நான் இரண்டு சீசன் ஜி.ஓ.டி.எஸ். ஆர்டர் பார்த்தவன், டிரான்சாக்‌ஷன் சர்டிபிகேட்டுக்கு எப்போது விண்ணப்பித்தால் ஷிப்மென்ட் நிற்காது என்பது தெரியும்.’ முதல் வாக்கியம் அவர்களைப் பற்றியது, இரண்டாவது உங்களைப் பற்றியது, இரண்டும் ஒன்றோடொன்று கோத்திருக்கிறது. பார்க்காத ஆர்டரைப் பார்த்ததாக மட்டும் எழுதாதீர்கள், நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

எழுதியதும் கம்பெனிப் பெயரை எடுத்துவிட்டு, பக்கத்து ஃபேக்டரியின் பெயரைப் போட்டுப் படியுங்கள். அப்போதும் பொருந்தினால் அந்த வாக்கியம் செத்தது. ‘உங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் பணிபுரிய ஆவல்’ என்பது திருப்பூரில் எல்லாருக்கும் பொருந்தும். ‘எஸ்டீம்டு ஆர்கனைசேஷன்’ என்று தொடங்கும் கடிதத்தை நான் இரண்டாவது வரிக்குப் போகாமல் மூடியிருக்கிறேன்.

லேப்டிப்: மேடம், கடிதம் மாத்தும்போது பழைய கம்பெனி பேர் எங்காவது தங்கிடுது. ரெண்டு தடவை மானம் போச்சு.

அடிப்படைக் கடிதத்தில் நிஜப் பெயரே இருக்கக்கூடாது. போன வாரம் அனுப்பியதைத் திறந்து திருத்துவதால்தான் இது நடக்கிறது. மாற வேண்டிய இடத்தில் எல்லாம் இப்படிப் போட்டு வையுங்கள்:

```
[[கம்பெனி]]  [[முதல் இரண்டு வரி]]  [[கட்டுப் பத்தி]]
```

அனுப்பும் முன் `[[` என்று தேடுங்கள். ஒன்றும் அகப்படாவிட்டால் எல்லாம் நிரம்பிவிட்டது. பத்தியை ஒட்டும்போது, புதிய வேர்டாக இருந்தால் `Ctrl+Shift+V` போட்டால் எழுத்து அளவு மாறாது. நடுப் பத்தி மட்டும் வேறு எழுத்துருவில் இருந்தால், எங்கிருந்தோ வெட்டி ஒட்டியது என்று படிக்காமலே தெரியும். இன்னொரு இடமும் உண்டு: வேர்டு கோப்பின் உள்ளே `Title` என்ற கட்டம். அதில் பழைய கம்பெனி பெயர் இருந்தால், பி.டி.எஃப். ஆக்கித் திறக்கும்போது உச்சியில் அதுவே பளிச்சென்று தெரியலாம். அடிப்படைக் கோப்பிலேயே அங்கே உங்கள் பெயரைப் போட்டுவிடுங்கள்.

கொடுவாய்க்காரன்: மாதிரிக் கடிதம் ஒண்ணு போடுங்க மேடம்.

போட்டால் நாளைக்கு 40 பேர் அதையே அனுப்புவீர்கள். முதல் பதிலைப் படியுங்கள்.

பழைய கணக்கு: இதெல்லாம் வீண் வேலை. கடிதத்தை யாரும் படிக்கிறதில்லை, ரெஸ்யூமேதான். நான் 200 பேருக்கு ஒரே மெயில் தட்டிவிட்டு வேலை வாங்கினவன்.

பாதி சரி. முதல் சலிப்பில் ரெஸ்யூமேதான் பார்ப்போம். ஆனால் ஐந்து பேருக்கும் அதே நாலு வருஷம், அதே டிப்ளமோ என்று இருந்தால் யாரை முதலில் கூப்பிடுவது? அப்போதுதான் கடிதத்தைத் திறப்பேன். அப்புறம், அந்த 200 முகவரியையும் `To`-வில் போட்டீர்களா என்ன? எங்களுக்கு அப்படி ஒரு மெயில் வந்தது. ஊரில் உள்ள போட்டிக் கம்பெனிகள் எல்லாம் வரிசையாக இருந்தன, நாங்கள் நடுவில் எங்கோ.

பழைய கணக்கு: `BCC`-தான். 200-க்கு 3 பேர் கூப்பிட்டாங்க. உங்க கணக்குல 30 எழுதினா எத்தனை?

உறுதி தர மாட்டேன். ஆனால் 200 பேருக்கும் ஒரே நேரத்தில் போனபிறகு, அதே இடத்துக்கு நல்ல கடிதம் மறுபடி அனுப்ப உங்களுக்குக் கூச்சமாக இருக்காதா?

தறி முதலாளி: நடுவுல வர்றேன் மன்னிக்கணும். சின்ன யூனிட், ஆள் எடுக்கிறது நான்தான். கடிதம் படிப்பேன், ஆனா போன்ல, டையிங்ல நிக்கும்போது. இணைப்பைத் திறக்கவே மாட்டேன். மெயில்ல தெரியற நாலு வரிதான்.

இதை நான் யோசிக்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் எல்லாவற்றையும் அச்சடித்துத்தான் படித்தோம். அப்படியென்றால் சின்ன யூனிட்டுக்கு அந்த இரண்டு வாக்கியமும் கட்டுப் பத்தியும் மெயிலிலேயே வரட்டும். தனிக் கடிதமே வேண்டாம்.

பழைய கணக்கு: அப்போ நான் சொன்னதுதானே!

நீங்கள் சொன்னது ஒரே மெயில். அவர் சொல்வது நாலு வரி. இரண்டும் ஒன்றில்லை.

சோமனூர்: என் பையனுக்கு ஸ்கூல்ல லீவ் லெட்டர் எழுதணும், இதே முறை சரியா வருமா?

வராது. காய்ச்சல் என்று எழுதுங்கள்.

ஓவர்லாக்: மாதிரி கிடைக்குமா?

மேலே கொடுவாய்க்காரனுக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

ஜாப்வொர்க்: பழைய மெயிலை ஃபார்வர்டு பண்ணா சீக்கிரம் முடியுதே?

தலைப்பில் `Fwd:` என்று வரும், கீழே நேற்று யாருக்கு அனுப்பினீர்கள் என்பதும் வரும். புது மெயிலாகத் திறந்து ஒட்டுங்கள்.

நூல்கண்டு: அக்கா, உடனே ஒண்ணு எழுதிப் பார்த்தேன். ‘நியூபார்ன் ரோம்பர் ஆர்டருக்கு ஆள் தேவை என்று விளம்பரத்தில் பார்த்தேன். உங்கள் சிறந்த நிறுவனத்தில் என் திறமையை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்.’ 14 நிமிஷம் ஆச்சு.

முதல் வாக்கியம் நன்று. இரண்டாவதில் பழைய பேய் திரும்பி வந்துவிட்டது. ரோம்பரில் பிரஸ் பட்டன் இருக்குமே, அது பிய்த்துக்கொண்டு வருகிறதா என்று இழுவைச் சோதனைக்கு அனுப்பியிருப்பீர்கள். சோதனையில் தோற்ற ஆர்டர் ஏதாவது உண்டா? அதை எப்படிச் சரிசெய்தீர்கள்?

நூல்கண்டு: உண்டு. பட்டன் வர்ற இடத்துல சிங்கிள் ஜெர்சி மெலிசா இருந்துச்சு, துணியே கிழிஞ்சுது. உள்ளே டேப் வச்சுத் தைக்கச் சொன்னேன், அடுத்த டெஸ்ட்ல பாஸ்.

இதை அப்படியே எழுதி அனுப்புங்கள். அனுப்பும் முன் `[[` தேடிவிடுங்கள்.