பிளவுஸ் தையல்: அடக்கவிலையும் வாங்குபவர் கணக்கும்

கேள்வி: சிங்கப்பூரில் வீட்டிலிருந்தே சேலை பிளவுஸ் தைத்துத் தருகிறேன். லைனிங், நூல், என் நேரம் எல்லாம் கூட்டி, மேலே 30 சதவீதம் வைத்து 65 வெள்ளி கேட்கிறேன். சிலர் அநியாயம் என்கிறார்கள், சிலர் பேரம் பேசாமலே தந்துவிட்டுப் போகிறார்கள். உண்மையில் எது சரியான விலை?

பதில்:

இரண்டு தரப்பும் உங்களிடம் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஒரே 65 வெள்ளி ஒருவருக்கு அதிகம், இன்னொருவருக்குக் குறைவு.

முதலில் உங்கள் அடக்கவிலையைப் பிரித்துப் பார்க்கலாம். நீங்கள் எண்கள் தரவில்லை என்பதால் நானே வைத்துக்கொள்கிறேன், உங்களுடையதை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். லைனிங் துணி 5 வெள்ளி. கொக்கி, நூல், பைப்பிங் 2. மின்சாரம், ஊசி, இயந்திரப் பராமரிப்புக்கு 1. அளவெடுத்து, போட்டுப் பார்க்க வைத்துத் திருத்த ஒரு மணி நேரம், வெட்ட அரை மணி, தைக்க இரண்டு மணி. ஆக மூன்றரை மணி நேரம், மணிக்கு 12 வெள்ளி என்றால் 42. மொத்தம் 50. அதில் 30 சதவீதம் சேர்த்தால் நீங்கள் சொல்லும் 65.

இந்த 50-இல் வெளியே எண்ணிக் கொடுத்தது 8 வெள்ளிதான். மீதி 42 நீங்களே உங்கள் நேரத்துக்குப் போட்ட விலை. 12-க்குப் பதில் 15 என்று போட்டிருந்தால் அடக்கவிலையே 60 வெள்ளி 50 காசு ஆகியிருக்கும். கைத்தொழிலில் அடக்கவிலை முறை பார்க்கக் கறாராகத் தெரியும். உள்ளே பெரும்பகுதி ஊகம்தான். இன்னொரு கோளாறும் உண்டு. கை பழகி அடுத்த வருடம் இதே பிளவுஸை மூன்று மணி நேரத்தில் முடித்தால் அடக்கம் 44, விலை 57 ஆகிவிடும். வேலை சுத்தமாகவும் வேகமாகவும் வந்ததற்கு உங்களுக்குக் கிடைப்பது விலைக் குறைப்பு!

சதவீதத்திலும் பலர் ஏமாறுகிறார்கள். 65-இல் லாபம் 15 வெள்ளி, அது விற்பனை விலையில் 23 சதவீதம். 30 சதவீதம் கையில் நிற்கிறது என்று நம்பி 25 சதவீதத் தள்ளுபடி அறிவித்தால் வாங்குவது 48 வெள்ளி 75 காசு, அடக்கத்துக்கும் கீழே.

சரி, வாங்குபவர் பக்கம் போவோம். ஒரு பொருள் அவருக்கு எவ்வளவு பெறும் என்பதைக் கணக்கிட ஒரே வழிதான்: நீங்கள் இல்லாவிட்டால் அவர் என்ன செய்வார்? அதற்கு ஆகும் செலவை அடிப்படையாக வைத்து, நீங்கள் எதில் மேலோ அதைக் கூட்டி, எதில் குறைவோ அதைக் கழிக்க வேண்டும்.

அலுவலகத்துக்குச் சேலை கட்டுபவர் ஒருவர். அவசரம் இல்லை. அடுத்த மாதம் சென்னை போகும் சொந்தக்காரரிடம் துணியையும் அளவு பிளவுஸையும் கொடுத்தால் அங்கே சுமார் 15 வெள்ளிக்குத் தைத்து வந்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். போட்டுப் பார்க்காமல் தைத்ததால் இங்கே வந்து பிரித்துத் திருத்த ஒரு 20 வெள்ளி. காத்திருக்கும் தொல்லைக்கு 15 போடலாம். ஆக 50 வெள்ளிக்கு மேல் உங்களிடம் தர அவருக்குக் காரணமே இல்லை. அவர் அநியாயம் என்பது கஞ்சத்தனம் இல்லை, கணக்கு.

இன்னொருவருக்குப் பத்து நாளில் தங்கை கல்யாணம். சேலையோடு வந்த பிளவுஸ் துணி, வெட்டில் கெட்டால் அதே துணி மறுபடி கிடைக்காது. அவருக்கு அடுத்த வழி கடையில் அவசரத் தையல், 90 வெள்ளி என்று வைப்போம். வேலை முடிந்து வரும் வழியில் உங்கள் புளோக்கில் ஏறி அளவு கொடுக்கலாம், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தேக்கா போய் வர வேண்டாம், அதற்கு 20 கூட்டுங்கள். இரண்டாவது முறை போட்டுப் பார்ப்பதற்கு 15. உங்களுக்குக் கடை இல்லை, பெயர் இன்னும் பரவவில்லை, கெட்டுவிட்டால் யாரைக் கேட்பது என்ற பயம் இருக்கும், அதற்கு 15 கழியுங்கள். 110 வருகிறது. முழுவதையும் கேட்டால் அவர் கடைக்கே போகலாம், மாறி வருவதில் அவருக்கும் ஏதாவது மிஞ்ச வேண்டும். 95 நியாயம்.

இதைப் படித்துவிட்டு "கல்யாணம் என்றதும் ஏற்றிக் கேட்கச் சொல்கிறீர்களா" என்று கிளம்புபவர்களுக்கு: இல்லை. ஆள் பார்த்து விலை சொல்வது உங்களையே கெடுக்கும். அக்காவுக்கு 65, தங்கைக்கு 95 என்பது அன்று மாலையே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தெரிந்துவிடும். வித்தியாசம் வேலையில் இருக்க வேண்டும், எழுதி எல்லோருக்கும் ஒன்றாகக் காட்ட வேண்டும். மூன்று வாரத்தில், அளவு பிளவுஸை வைத்து, போட்டுப் பார்க்காமல் தைத்தால் 45. அதில் ஒரு மணி நேரம் மிச்சமாவதால் அடக்கம் 38-தான். பத்து நாளுக்குள், நேரில் அளவெடுத்து, இரண்டு முறை போட்டுப் பார்த்தால் 95. கூடுதலாக ஒரு முறை பார்ப்பதற்கு அரை மணி என்றாலும் அடக்கம் 56. எதை எடுப்பது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள்.

அடிமட்ட விலையும் வருடம் முழுக்க ஒன்றாக இருக்காது. வேலையில்லாத மாதத்தில் 8 வெள்ளிப் பொருள் போக எது வந்தாலும் உங்கள் நேரத்துக்கான வரவு, 45 தாராளம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கதை வேறு. வீவக வீட்டில் இப்படிச் சிறு தொழில் செய்யும்போது அந்த வீட்டில் வசிக்காதவரை உதவிக்கு வைக்க அனுமதி இல்லை, ஆகவே உங்கள் இரண்டு கைகள்தான் எல்லை. அப்போது ஒரு 45 வெள்ளி வேலையை ஏற்று, அதனால் 95 வெள்ளி வேலையைத் திருப்பி அனுப்பினால், அந்த பிளவுஸின் உண்மையான செலவு திருப்பி அனுப்பிய வேலை. அடக்கவிலைத் தாளில் இந்த வரி எங்கும் வராது. அந்த வாரங்களில் 45 வகையை நிறுத்திவிடுங்கள்.

"எவ்வளவு தருவீர்கள்" என்று யாரையும் கேட்காதீர்கள், குறைத்துத்தான் சொல்வார்கள். போன தடவை எங்கே தைத்தீர்கள், அதில் என்ன சரியில்லை, எந்தத் தேதிக்கு வேண்டும், நான் முடியாது என்றால் யாரிடம் போவீர்கள் என்று கேளுங்கள். பதில்களை, சொன்ன விலையோடும் அவர் ஒப்புக்கொண்டாரா என்பதோடும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் யோசிக்காமல் சரி என்றால் விலை குறைவு. எல்லோரும் ஒரே கடையின் பெயரைச் சொன்னால் அந்தக் கடை விலைதான் உங்கள் அடிப்படை.

ஆரி வேலையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஒரு கைக்கு மணி கோக்கவே எத்தனை மணி நேரம் இழுக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அங்கே பொருள் செலவோடு மணிக்கூலி என்ற பழைய முறைதான் உங்களைக் காப்பாற்றும். சிறு திருத்த வேலைகளுக்கும் அப்படியே. (மணிக்கணக்கில் ஆரி போட்டதைப் பார்த்துவிட்டு "ஊரில் இதற்குப் பாதிதான்" என்பவர்களிடம் வாதாட வேண்டாம். ஊரில் வாடகையும் பாதி இல்லை, அதற்கும் கீழே. அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.)

கடை விலையோடு ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். பொருள் சேவை வரிக்குப் பதிந்த கடை என்றால் அவர்கள் சொல்லும் 90-க்குள் 9 சதவீத வரி இருக்கும், அவர்கள் கையில் நிற்பது சுமார் 82 வெள்ளி 57 காசு. ஆண்டு விற்றுமுதல் 10 லட்சம் வெள்ளியைத் தாண்டாதவரை நீங்கள் பதிய வேண்டிய கட்டாயம் இல்லை. பதியாமல் ரசீதில் வரி என்று தனியாக வாங்கவும் கூடாது. ஆனால் வாங்குபவர் ஒப்பிடுவது தன் கையிலிருந்து போகும் 90-ஐத்தான், அதனால் உங்கள் கணக்கையும் 90-இலிருந்தே தொடங்குங்கள்.